ஃப்ரீசரில் திட்டுத்திட்டாய்ப் பனி: புகைப்படத்தை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் நிறுத்துவதும்

சித்தி அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. இரண்டு கதவு ஃப்ரிட்ஜ், மேலே ஃப்ரீசர். கூரையிலிருந்து வெள்ளைப் பனி பஞ்சுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு தடவை ஆள் வந்து பாத்துட்டுப் போயாச்சுப்பா. ஹீட்டர் மாத்தினாங்க, அப்புறம் சென்சார் மாத்தினாங்க. பத்து நாள் ஆனா மறுபடி இப்படியே வந்து நிக்குது" என்றார் போனில். வந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் பனி என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பனியை உருக்கும் ஹீட்டர்தான். ஆனால் அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் ஹீட்டர் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை.

பனி என்பது விளைவுதான். ஈரம் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கான விடையைப் பனி தன் இடத்திலும் தோற்றத்திலும் எழுதி வைத்திருக்கும். உருக்கிவிட்டால் அந்த எழுத்தும் போய்விடும். அதனால் கரண்டியையும் வெந்நீரையும் எடுப்பதற்கு முன் படம் எடுங்கள்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்

ஃப்ரீசர் பெட்டியின் உலோகச் சுவரே ஜில்லென்று இருந்து, அந்தச் சுவரிலேயே பனி பிடித்தால் அது டைரக்ட் கூல் வகை. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்கள் பெரும்பாலும் இப்படித்தான். இதில் பனி பிடிப்பது இயல்பு. எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பது மட்டும்தான் பார்க்க வேண்டிய விஷயம்.

பின்சுவரில் காற்று வரும் துளைகளோடு ஒரு பிளாஸ்டிக் தகடு இருந்து, உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டால் அது ஃப்ராஸ்ட் ஃப்ரீ. குளிரூட்டும் குழாய்ச் சுருள், அதாவது காயில், அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பனியெல்லாம் அந்தக் காயிலில்தான் படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீட்டர் எரிந்து அதை உருக்கும். உருகிய நீர் காயிலுக்குக் கீழே உள்ள துளை வழியாக இறங்கி, கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழுந்து ஆவியாகிவிடும். ஆகவே இந்த வகையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தடிமனான பனி இருந்தால் எங்கோ ஒன்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இனி வருவது பெரும்பாலும் இந்த வகையைப் பற்றியது. டைரக்ட் கூலைக் கடைசியில் பார்ப்போம்.

படம் எடுக்கும் முறை

ஃபிளாஷ் வேண்டாம். நேராக விழும் வெளிச்சத்தில் பனி எல்லாம் ஒரே வெள்ளைப் பரப்பாகத் தெரியும், மேடு பள்ளம் மறைந்துவிடும். இன்னொருவரை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் விழுந்தால்தான் பனி பூப்போல இருக்கிறதா, கண்ணாடிபோல இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியும். கதவைத் திறந்த சில வினாடிகளுக்குள் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் பனியின் மேற்பரப்பு ஈரமாகிப் பளபளத்து, பார்ப்பவரை ஏமாற்றும்.

நான்கு படங்கள் போதும். கதவோரத்து ரப்பர் சட்டமும் சேர்ந்து தெரியும்படி முன்பக்கம் முழுவதும் ஒன்று, பின்சுவர்த் தகடு ஒன்று, ஃப்ரீசரின் தரை ஒன்று, கதவின் உட்பக்க ரப்பர் ஒன்று. பனி அதிகமாக இருக்கும் இடத்தில் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து எடுத்தால் தடிமன் எவ்வளவு என்று பிற்பாடு வாதம் வராது. சாமான்களை நகர்த்தாமல் எடுக்க வேண்டும். எது எங்கே இடித்துக்கொண்டு நிற்கிறது என்பதும் ஒரு தடயம். சித்தி வீட்டில் அதுதான் கடைசியில் முக்கியமானதாக அமைந்தது.

படத்தில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயங்கள்

ஒன்று, பனியின் தோற்றம். வெள்ளையாக, மிருதுவாக, விரலால் தட்டினால் உதிர்கிற மாதிரி இருந்தால் அது காற்றிலிருந்த நீராவி நேரடியாக உறைந்தது. தெளிவாக, கண்ணாடிக் கட்டிபோல, கெட்டியாக இருந்தால் அது நீராக ஓடி வந்து பிறகு உறைந்தது. முதலாவது என்றால் வெளிக்காற்று நுழையும் வழியைத் தேட வேண்டும். இரண்டாவது என்றால் போக வேண்டிய நீர் போகாமல் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும்.

இரண்டு, பனியின் இடம். இதில் மூன்று அமைப்புகள் திரும்பத் திரும்ப வரும்.

பின்சுவர்த் தகடு முழுக்க ஒரே சீராக வெள்ளை படர்ந்திருக்கிறது, கதவோரம் சுத்தமாக இருக்கிறது என்றால், தகட்டுக்குப் பின்னால் காயில் பனியில் புதைந்துவிட்டது. உருக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை. கூடவே கீழ் அறை குளிராமல் போகும், ஏனென்றால் பனி காற்றின் பாதையை அடைத்திருக்கும். சில சமயம் விசிறி இறக்கை பனியில் உரசிக் கடகடக்கும்.

தரையில் மட்டும் கண்ணாடிப் பாளமாக ஐஸ், மற்ற இடமெல்லாம் சுத்தம் என்றால் ஹீட்டர் ஒழுங்காக உருக்குகிறது, ஆனால் நீர் இறங்கும் துளை அடைத்திருக்கிறது.

கதவோரத்தில், ஒரு மூலையில் ஆரம்பித்து உள்நோக்கிப் போகப்போக மெலிகிற வெள்ளைப் பனி என்றால், அந்த மூலையில் காற்று நுழைகிறது. பனி எங்கே தடிமனோ அங்கேதான் ஓட்டை என்று பெரும்பாலும் நம்பலாம். ஈரக்காற்று உள்ளே நுழைந்து முதலில் தொடுகிற குளிர்ந்த பரப்பிலேயே தன் சுமையை இறக்கிவிடும்.

சித்தியின் படத்துக்கு வருவோம். கைப்பிடிப் பக்கம், மேல் மூலை. கூரையின் முன்விளிம்பில் ஏறக்குறைய 3 செ.மீ. தடிமன். உள்ளே போகப்போகக் குறைந்து, பின்சுவரில் ஒரு மெல்லிய படலம் மட்டும். தகட்டின் காற்றுத் துளைகள் திறந்தே இருந்தன. கீழ் அறையும் நன்றாகக் குளிர்கிறது என்றார். உருக்கும் அமைப்பு கெட்டிருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். பின்னால் தடிமன், முன்னால் சுத்தம்.

ஹீட்டரை மாற்றியும் ஏன் பயனில்லை என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. அந்த ஹீட்டர் காயிலை மட்டுமே சூடாக்கும். ஃப்ரீசரின் கூரைக்கு அந்தச் சூடு எட்டாது, எட்டவும் கூடாது. அப்படி எட்டினால் வைத்த சாமானெல்லாம் உருகிவிடுமே.

உருக்குங்கள், ஆனால் நீரை அளந்து பாருங்கள்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிற்காதீர்கள். உறைந்த சாமான்களைத் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் நெருக்கமாக அடுக்கி மூடுங்கள். தரையில் பழைய துண்டுகளை விரியுங்கள். ஃப்ரீசருக்குள் ஒரு துணிமேல் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். கொதிக்கிற நீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளியும். தளர்ந்து விழுகிற பனியைக் கையால் எடுக்கலாம். கத்தி, ஸ்க்ரூடிரைவர் இரண்டும் அருகிலேயே வரக்கூடாது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் கண்ணுக்குத் தெரிகிற பனி போனதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தகட்டுக்குப் பின்னால் காயிலில் இருப்பது கரையப் பல மணி நேரம் பிடிக்கும். கதவைத் திறந்து வைத்து 24 மணி நேரம் விட்டால்தான் அடுத்து வரும் சோதனை நேர்மையானதாக இருக்கும்.

விழும் பனியையும் நீரையும் ஒரு வாளியில் சேர்த்து அளந்து பாருங்கள். பலர் செய்யாத காரியம் இது. எனக்கு இதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை.

கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீர் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் அதே அளவு காற்றால் ஏறக்குறைய 1 கிராம்தான் தாங்க முடியும். மீதி 20 கிராம் பனியாகும். ஃப்ரீசரின் கொள்ளளவு 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை கதவைத் திறந்து உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறினாலும் சேர்வது 1.2 கிராம்தான். ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்தால் 12 கிராம். பத்து நாளைக்கு 120 கிராம், அதாவது அரை டம்ளர் தண்ணீர்.

சித்தி அளந்ததில் 1.6 லிட்டர் வந்தது. பத்து நாளில் சேர்ந்தது. நாளொன்றுக்கு 160 கிராம் என்றால், தினமும் 8 கனமீட்டர் வெளிக்காற்று உள்ளே போயிருக்க வேண்டும். அதாவது ஃப்ரீசர் கொள்ளளவைப்போல 130 மடங்குக்கும் மேல். கதவைத் திறந்து மூடுவதால் இது நடக்காது. "பிள்ளைங்க அடிக்கடி திறக்குதுங்க" என்று பழியை வீட்டுப் பிள்ளைகள்மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கு இதோடு தீர்ந்தது. கதவு மூடியிருக்கும்போதும் இரவு பகலாகக் காற்று போய்க்கொண்டிருக்கிறது.

காற்று நுழையும் இடத்தைப் பிடிப்பது

இரண்டு விரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டை எடுத்து, ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடுங்கள். மெதுவாக இழுங்கள். நன்றாகப் பிடிக்கும் இடத்தில் கையில் ஒரு தடை தெரியும். ஓட்டை உள்ள இடத்தில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், சில சமயம் தானாகவே கீழே விழும். 10 செ.மீ.க்கு ஒருமுறை என்று நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். பிடிக்காத இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

காகிதத்தில் சந்தேகம் இருந்தால் இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடி வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். ரப்பரின் மடிப்பு நேர்க்கோட்டில் இருக்காது என்பதால் சிறிய கசிவு வெளிச்சத்தில் தெரியாமலும் போகலாம். வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை நிச்சயம். தெரியாவிட்டால் ஓட்டையே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. காகிதம்தான் கறாரான சோதனை.

சித்தி வீட்டில் மேல் மூலையில் கைப்பிடிப் பக்கமாக 12 செ.மீ. நீளத்துக்குக் காகிதம் பிடிக்கவே இல்லை. பனி தடித்திருந்த அதே மூலை. முதல் படத்தை மறுபடி பார்த்தேன். மேல் அடுக்கில் ஒரு நீளமான தட்டு, அடுக்கின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அளவு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கதவை மூடும்போதெல்லாம் அது உட்பக்கத்தை இடித்திருக்கிறது. கதவு மூடிவிட்டதாகத்தான் தெரியும், ஏனென்றால் மற்ற மூன்று பக்கமும் காந்தம் இழுத்துப் பிடித்திருக்கும். மாதக்கணக்கில் இப்படி இருந்ததில் அந்த இடத்து ரப்பரும் உள்வாங்கி வடிவம் மாறிவிட்டது. அதனால் தட்டை எடுத்த பிறகும் காகிதம் வழுக்கிக்கொண்டுதான் வந்தது.

ரப்பரைச் சரிசெய்வது

முதல் வேலை கழுவுவது. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து மடிப்புகளுக்குள் விட்டுத் துடையுங்கள். ஒட்டும் கறை ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் அங்கே இடைவெளிதான். ரப்பர் அழுந்தும் உலோகச் சட்டத்தையும் துடைக்க மறக்காதீர்கள். கால்வாசிப் புகார்கள் இதிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

பிறகும் பிடிக்காவிட்டால், ஃப்ரிட்ஜும் ரப்பரும் நன்றாகக் காய்ந்திருக்கும்போது தலைமுடி உலர்த்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குங்கள். ஓரிடத்திலேயே நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் மென்மையானதும் உள்வாங்கிய பகுதியை விரலால் வெளியே இழுத்துவிட்டு, கதவை மூடிச் சில மணி நேரம் திறக்காமல் விடுங்கள். ஆறும்போது சட்டத்தின் வடிவத்துக்கு அது தன்னைப் பொருத்திக்கொள்ளும். கீல் பக்கத்தில் ரப்பர் சுருண்டு மடங்கினால் அங்கே மட்டும் வாசலின் மெல்லியதாகத் தடவலாம், வழுக்கிக்கொண்டு சரியாக உட்காரும்.

ரப்பர் வெடித்திருந்தால், கிழிந்திருந்தால், அல்லது சூடாக்கிய பிறகும் விறைப்பாகவே இருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஃப்ரிட்ஜின் உட்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள். புது ரப்பர் மடித்து வந்திருக்கும் என்பதால் முதல் நாள் காகிதச் சோதனையில் தோற்றாலும் பதறவேண்டாம். வெந்நீரில் நனைத்து நீவிவிட்டு, காயவைத்து மாட்டி, ஒரு நாள் கழித்துச் சோதியுங்கள்.

ஃப்ரிட்ஜ் நிற்கும் விதத்தையும் கவனியுங்கள். முன்கால்களை ஒரு சுற்று இரண்டு சுற்று உயர்த்தி லேசாகப் பின்னால் சாய்த்தால், பாதி திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளும். கதவு கைப்பிடிப் பக்கம் தொங்கியிருந்தால் கீல் திருகுகளை இறுக்க வேண்டியிருக்கும்.

மறுபடி படம் எடுக்கும் நாட்கள்

எல்லாம் துடைத்து உலர்த்தி, பிளக்கை மாட்டி, ஃப்ரீசர் மைனஸ் 18க்கு வந்த பிறகு சாமான்களை வையுங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று அதே கோணத்தில் படம் எடுங்கள்.

காற்றுக் கசிவு இன்னும் இருந்தால் ஓரிரு நாளிலேயே அதே மூலையில் வெள்ளைப் பூ பூக்கும். உருக்கும் அமைப்பு கெட்டிருந்தால் நடத்தை வேறு. முதல் சில நாட்கள் ஃப்ரிட்ஜ் புதிதுபோல ஓடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஒரு வாரம் போலக் கடந்ததும் காயில் மெல்ல அடைத்துக்கொண்டு, கீழ் அறை வெதுவெதுக்கத் தொடங்கும். பிறகே தகட்டில் வெள்ளை தெரியும். இந்தக் கால வித்தியாசம் ஒற்றைப் படத்தில் தெரியாது, படவரிசையில்தான் தெரியும்.

சித்தி வீட்டில் மூன்றாம் நாள் படத்தில் அந்த மூலையில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தது. எனக்கே சற்றுச் சந்தேகம் வந்தது. ஏழாம் நாள் அது குறைந்திருந்தது, பத்தாம் நாள் காணவில்லை. ஃப்ராஸ்ட் ஃப்ரீயின் உள்காற்று வறண்டது. புதிதாக ஈரம் வராவிட்டால், மிச்சமிருக்கும் சிறு பனி நேராக ஆவியாகிக் காயிலுக்குப் போய்விடும். பனி தானாகக் குறைவதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காரணம் ரப்பர் இல்லையென்றால்

தரையில் பாளம் என்றால், உருக்கிய பிறகு துளையைத் தேடுங்கள். பல மாடல்களில் அது தகட்டுக்குப் பின்னால், காயிலுக்கு நேர் கீழே இருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை மெல்லச் செலுத்தி, பின்புறத்துத் தட்டில் நீர் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் வழி திறந்துவிட்டது. கம்பியால் குத்தினால் குழாய் பிசகக்கூடும்.

தகடு முழுக்க வெள்ளை என்றால் ஹீட்டர், அதன் வெப்ப ஃபியூஸ், உருக்கலை நிறுத்தும் சென்சார், டைமர் அல்லது போர்டு இவற்றில் ஒன்று. வீட்டு மின்சாரம் நேரடியாக ஓடும் பாகங்கள் இவை, மெக்கானிக் வேலை. ஆனால் ஒன்று கேளுங்கள்: எந்தப் பாகம் கெட்டது என்று மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் வரிசையாக மாற்றிப் பார்ப்பது பரிசோதனை அல்ல, சீட்டாட்டம்.

தகட்டைக் கழற்றும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காயில் முழுக்கச் சீராகப் பனி இருந்தால் மேற்சொன்ன கோளாறு. ஒரு முனையில் மட்டும் பந்துபோலப் பனி திரண்டு மீதிக் காயில் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கிறது. கசியும் இடத்தை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் திரும்ப அதே நிலைதான்.

டைரக்ட் கூல் வைத்திருப்பவர்களுக்கு

பனி 5 முதல் 6 மி.மீ. ஆனதும் உருக்கிவிடுங்கள். அதற்குமேல் அது சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் கம்பளிபோல நின்று குளிரைத் தடுக்கும், கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் ஒரு பொத்தான் இருந்தால் அதை அழுத்தினாலே போதும். கம்ப்ரசர் நின்று, பனி உருகி முடிந்ததும் தானே ஓடத் தொடங்கும்.

இரண்டு வாரத்துக்குள் அந்தத் தடிமன் வந்துவிட்டால் பெரிய கதவின் ரப்பரைக் காகிதத்தால் சோதியுங்கள். அதோடு ஃப்ரீசருக்கென்று உள்ளே இருக்கும் சின்ன மடிப்புக் கதவையும் பாருங்கள். அதன் கீல் உடைந்து பாதி திறந்தே கிடந்தால் கீழ் அறையின் ஈரமெல்லாம் மேலே ஏறிப் பனியாகும். கீழே மூடாமல் வைத்த குழம்பும் ஈரக் காய்கறியும் அதற்குத் தீனி.

இந்த வகையில் கத்தியைத் தொடாதீர்கள் என்று இன்னொரு முறை சொல்கிறேன். அந்த மெல்லிய அலுமினியச் சுவருக்குள்தான் கேஸ் ஓடுகிறது. புது ஃப்ரிட்ஜ்கள் பலவற்றின் ஸ்டிக்கரில் R600a என்று இருக்கும். அது தீப்பிடிக்கும் வாயு. சுரண்டும்போது உஸ்ஸென்று சத்தம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் போடாமல், அணைக்காமல், அடுப்பும் பற்றவைக்காமல் வெளியே வாருங்கள். துளை விழுந்த அந்தப் பெட்டியைப் பெரும்பாலும் முழுதாக மாற்றத்தான் வேண்டியிருக்கும்.